வாஷிங் மெஷின் விற்கிறேன், ‘பணம் வர ஸ்கேன் பண்ணுங்க’ என்கிறார்: பண்ணலாமா?

கயல்_சேலம்
வணக்கம். அவசரக் கேள்வி. வீட்டில் இருந்த பழைய டாப் லோடு வாஷிங் மெஷினை 9,500 ரூபாய் என்று போட்டு காலையில் விளம்பரம் கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் ஒருத்தர் கூப்பிட்டார். ராணுவத்தில் இருக்கிறாராம், மாற்றலாகி வந்திருக்கிறாராம். விலையே பேசவில்லை. மெஷினைப் பார்க்கவும் வரமாட்டாராம், நாளைக்கு வண்டி அனுப்பி எடுத்துக்கொள்வாராம். பணத்தை மட்டும் இப்போதே போட்டுவிடுகிறேன் என்கிறார்.

முதலில் சரிபார்க்க 5 ரூபாய் அனுப்பினார். அது நிஜமாகவே என் கணக்கில் வந்துவிட்டது. இப்போது ஒரு க்யூஆர் படம் அனுப்பியிருக்கிறார். பச்சை நிறத்தில் ‘RECEIVE ₹9,500’ என்று எழுதியிருக்கிறது. இதை ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் பணம் வந்துவிடும் என்கிறார். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை போன் அடிக்கிறது. அந்த அஞ்சு ரூபாய் வந்ததுதான் என்னைக் குழப்புகிறது. ஸ்கேன் பண்ணலாமா?

கணக்குப்பிள்ளை
பண்ணாதீங்க. போனையும் எடுக்காதீங்க. மீதியை நிதானமாகப் படிங்க.

அந்த அஞ்சு ரூபாயை அவர் எப்படி அனுப்பினார் என்று யோசிச்சுப் பாருங்க. உங்கள் போன் நம்பரை அவருடைய ஆப்பில் அடித்து அனுப்பியிருப்பார். அதற்கு நீங்கள் எதையாவது ஸ்கேன் செய்தீர்களா? பின் போட்டீர்களா? ஒன்றும் இல்லை, பணம் தானாக வந்து விழுந்தது. அதே வழியில் 9,500-ஐயும் அனுப்ப வேண்டியதுதானே? அஞ்சுக்கு ஒரு வழி, ஒன்பதாயிரத்துக்கு வேறு வழி என்று யுபிஐயில் கிடையாது. அவரிடம் இதை மட்டும் கேளுங்கள். ‘ராணுவக் கணக்கு, பெரிய தொகைக்கு நடைமுறை வேறு’ என்று ஒரு கதை வரும்.

ரமேஷ்_2.0
இவ்வளவு பயம் எதுக்கு? கலெக்ட் ரிக்வெஸ்ட்டையே எடுத்துட்டாங்களே. 2025 அக்டோபர் 1-லிருந்து யாரும் யார்கிட்டயும் யுபிஐயில் பணம் கேட்டு ரிக்வெஸ்ட் அனுப்ப முடியாது. இந்த மோசடி செத்துப்போச்சு. அந்த ஆள் ஒண்ணும் தெரியாதவரா இருக்கலாம்.

கணக்குப்பிள்ளை
@ரமேஷ்_2.0 பாதி சரி. நிறுத்தியது தனிநபர் இன்னொரு தனிநபருக்கு அனுப்பும் கலெக்ட் ரிக்வெஸ்ட்டை மட்டும்தான். வணிகர் கணக்கிலிருந்து வரும் கலெக்ட் ரிக்வெஸ்ட்டை அந்த அக்டோபர் மாற்றம் தொடவில்லை. ரயில் டிக்கெட் எடுக்கும்போது, ஆன்லைனில் பொருள் வாங்கும்போது யுபிஐ ஐடி கொடுத்தால் ‘இவ்வளவு கட்டுங்கள்’ என்று ஆப்பில் வந்து நிற்குமே, அதுதான். மோசடிக்காரன் ஒரு பெட்டிக்கடைப் பெயரிலோ டிராவல்ஸ் பெயரிலோ வணிகர் கணக்கு எடுத்துவிட்டால் அந்த வழியில் வரமுடியும்.

இன்னொன்று, தனிநபர் கலெக்ட் இருந்த காலத்திலும் அதற்கு ஒரு தடவைக்கு 2,000 ரூபாய்தான் உச்சவரம்பு. 9,500 ரூபாயை ஒரே ரிக்வெஸ்ட்டில் எடுக்க முடியாது. அதனால்தான் பெரிய தொகைக்கு அவர்கள் ரொம்ப நாளாகவே க்யூஆரைப் பிடித்துக்கொண்டார்கள். கயல் மேடத்துக்கு வந்திருப்பதும் கலெக்ட் இல்லை, க்யூஆர். அக்டோபர் மாற்றத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கயல்_சேலம்
போனை சைலண்டில் போட்டுவிட்டேன் சார். ஆனால் படத்தில் தெளிவாக ‘RECEIVE’ என்றுதானே போட்டிருக்கிறது? க்யூஆரில் பணம் வாங்குகிற வகை, கொடுக்கிற வகை என்று இரண்டு இல்லையா?

கணக்குப்பிள்ளை
இல்லை. இதுதான் முழு விஷயமும். அந்தப் பச்சை எழுத்து, கட்டத்துக்கு மேலே யாரோ படத்தில் சேர்த்த அலங்காரம். அதை எந்த ஆப்பும் படிக்காது. ஆப் படிப்பது கறுப்பு வெள்ளைக் கட்டத்துக்குள் இருக்கும் ஒரு வரியைத்தான். உங்களுக்கு வந்தது போன்ற ஒன்றுக்குள் ஏறக்குறைய இப்படி இருக்கும். முகவரி நான் மாற்றிப் போட்டது:

```
upi://pay?pa=xxxxxx@bank&pn=ARMY%20PAYMENT&am=9500.00&cu=INR&tn=RECEIVE%20MONEY
```

முன்னால் நிற்கும் `pay` என்பதைப் பாருங்கள். ஸ்கேன் செய்கிறவர் பணம் கட்டவேண்டும் என்று அது சொல்கிறது. `pa` பணம் போய்ச் சேரும் முகவரி, அதாவது அவருடையது. `am` தொகை. `pn` பெயர், `tn` குறிப்பு. கடைசி இரண்டும் உருவாக்குகிறவர் இஷ்டத்துக்கு அடித்துக்கொள்ளும் எழுத்து. ‘RECEIVE MONEY’ என்றும் போடலாம், ‘பிள்ளையார் துணை’ என்றும் போடலாம், பணம் போகிற திசை மாறாது.

மளிகைக் கடையில் மாட்டியிருக்கும் அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஸ்கேன் செய்கிறவர் நீங்கள், பணம் போவது கடைக்காரருக்கு. உங்கள் மெஷின் வியாபாரத்தில் கடைக்காரர் நீங்கள். அட்டை உங்களுடையதாக இருக்கவேண்டும், ஸ்கேன் அவர் செய்யவேண்டும். இவர் அட்டையைத் தலைகீழாக மாட்டப் பார்க்கிறார்.

பைக்_பாண்டி
நானும் ஒரு விளம்பரம் பார்த்து பைக் வாங்கப் போறேன். ஓனர் 3,000 ரூபாய் டோக்கன் கேக்குறார், க்யூஆர் அனுப்பியிருக்கார். அதையும் ஸ்கேன் பண்ணக்கூடாதா?

வள்ளி_பழையமரச்சாமான்
தம்பி, நீங்க வாங்குற ஆள். இங்கே பேசுறது விக்கிறவங்களுக்கு. உங்க விஷயத்துல க்யூஆர் ஸ்கேன் பண்ணா பணம் அவருக்குத்தான் போகும், அது சரிதான். ஆனா வண்டியையும் ஆர்சியையும் கண்ணால பார்க்காம டோக்கன் குடுக்காதீங்க. அது தனிக் கதை, தனியா ஒரு இழை போடுங்க.

கயல், உங்க ஆள் விலை பேசலைன்னு சொன்னீங்க பாருங்க, அங்கேயே மணி அடிச்சிருக்கணும். பழைய சாமான் வாங்க வர்றவங்க ‘டிரம் சத்தம் போடுதா, எத்தனை வருஷம் ஆச்சு, பில் இருக்கா, ஆயிரம் குறைச்சுக்கோங்க’ன்னு நம்மள உண்டு இல்லைன்னு ஆக்கிருவாங்க. சாமானைப் பத்தி ஒரு கேள்வி கேக்காதவனுக்கு சாமான் வேண்டாம்.

கயல்_சேலம்
உண்மைதான் அக்கா. எத்தனை கிலோ மெஷின் என்றுகூடக் கேட்கவில்லை. ஆனால் ராணுவ அடையாள அட்டை, கேண்டீன் கார்டு எல்லாம் படம் எடுத்து அனுப்பினார். அதில்தான் கொஞ்சம் நம்பினேன்.

கணக்குப்பிள்ளை
அந்த அட்டை யாரோ ஒரு நிஜ சிப்பாயுடையதாகவே இருக்கலாம். முன்னால் வேறு ஒரு பேரத்தில் அவரிடமிருந்து வாங்கி வைத்த படமாக இருக்கும். நாளைக்கு உங்கள் ஆதாரைக் காட்டி இன்னொருவரை நம்பவைப்பார்கள். பதிலுக்கு நீங்கள் ஏதாவது அனுப்பியிருக்கிறீர்களா?

கயல்_சேலம்
ஆதார் கேட்டார், அனுப்பவில்லை. வீட்டு விலாசம் மட்டும் கொடுத்தேன்.

கொங்குக்காரன்
இதுல இன்னொரு ஆபத்து இருக்குங்க. அவன் 5 ரூபா போட்டான்ல? அது ‘ஜம்ப்டு டெபாசிட்’. நம்ம தமிழ்நாடு சைபர் கிரைம் போலீஸே எச்சரிக்கை விட்டிருந்தாங்க. சின்னத் தொகையைப் போட்டுட்டு உடனே ரிக்வெஸ்ட் ஒண்ணு அனுப்பிருவான். நாம பேலன்ஸ் பார்க்க பின் போடுவோம், அந்தப் பின்லயே ரிக்வெஸ்ட்டும் ஓகே ஆகி பணம் போயிரும். அதனால பேலன்ஸ் பார்க்கும்போது முதல்ல தப்பான பின் போடுங்க, இல்லைன்னா அரைமணி நேரம் கழிச்சுப் பாருங்க.

கணக்குப்பிள்ளை
எச்சரிக்கை வந்தது நிஜம். ஆனால் அதற்குப் பிறகு, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ ஒரு விளக்கம் கொடுத்தது. ஆப்பைத் திறப்பதாலோ பேலன்ஸ் பார்ப்பதாலோ நிலுவையில் நிற்கும் ரிக்வெஸ்ட் தானாக ஒப்புதல் ஆகாது. அந்த ரிக்வெஸ்ட்டுக்குள் போய், Pay தொட்டு, அதற்கென்று திறக்கும் பக்கத்தில் பின் போட்டால்தான் பணம் போகும்.

ஆனால் அவசரத்தில் இருக்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும் என்பது நிஜம். பின் போடும் பக்கத்தில் எண்களைப் பார்க்காதீர்கள், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பேலன்ஸ் பார்க்கிற பக்கமானால் அங்கே உங்கள் வங்கிப் பெயர் இருக்கும், இன்னாருக்கு இவ்வளவு என்று தொகை இருக்காது. பணம் போகிற பக்கமானால் யாருக்கு என்ற பெயரும் ரூபாயும் கண்டிப்பாக இருக்கும். அந்த இடத்தில் தொகை தெரிந்தால், அது உங்களிடமிருந்து போகப்போகிற தொகை.

தப்பான பின் போடும் யோசனை வேண்டாம். சில தடவை தப்பாகப் போட்டால் பின் பூட்டிக்கொள்ளும், அப்புறம் நிஜமான வேலைக்கும் யுபிஐ ஓடாது.

ரமேஷ்_2.0
ஓகே சார், ஒத்துக்கிறேன். அப்போ ஒரே ரூல் போதுமே: பணம் வாங்க பின் தேவையில்லை. பின் போடாம இருந்தா யாரும் ஒண்ணும் புடுங்க முடியாது.

கணக்குப்பிள்ளை
முதல் பாதி என்றைக்கும் சரி. பணம் வாங்க பின் தேவையே இல்லை. இரண்டாவது பாதி முன்பு சரியாக இருந்தது, இப்போது ஓட்டை விழுந்துவிட்டது.

2025 அக்டோபரில் பின்னுக்குப் பதிலாகக் கைரேகையோ முகமோ காட்டிப் பணம் அனுப்பும் வசதியை யுபிஐயில் அனுமதித்தார்கள். அதை ஆன் செய்து வைத்திருப்பவரிடம் ‘பின் கேட்டால் போடாதீங்க, விரல் மட்டும் வைங்க’ என்று மோசடிக்காரனே சொல்வான். கேட்கிறவருக்கு அவன் நல்லவனாகத் தெரிவான். யுபிஐ லைட் வைத்திருந்தால் சின்னத் தொகைக்குப் பின் நம்பரே கேட்காது. அதனால் பின்னை வைத்துப் பார்க்காமல் திசையை வைத்துப் பாருங்கள். விற்கிறவர் எதையும் ஸ்கேன் செய்யவேண்டாம், எந்த லிங்க்கையும் தொடவேண்டாம், எதற்கும் ஒப்புதல் கொடுக்கவேண்டாம். பணம் வருவதற்கு உங்கள் பக்கத்தில் செய்யவேண்டிய வேலை பூஜ்யம்.

தென்றல்77
என் பிரச்சினை வேறு மாதிரி. சோபா விற்கும்போது ஒருவர் அனுப்பிய லிங்க்கில் போய் ஏதோ ஒப்புதல் கொடுத்து பின் போட்டுவிட்டேன். பணம் எதுவும் போகவில்லை, பேலன்ஸ் அப்படியே இருக்கிறது. தப்பித்தேன் என்று விட்டுவிடலாமா?

கணக்குப்பிள்ளை
விடாதீங்க. பின் போட்டும் பணம் போகவில்லை என்றால் இரண்டில் ஒன்று. பரிவர்த்தனை தோல்வி அடைந்திருக்கும், அல்லது நீங்கள் ஒப்புக்கொண்டது ஆட்டோபே. அதாவது பின்னால் ஒரு தேதியில் எடுத்துக்கொள்ள முன்கூட்டியே கொடுத்த அனுமதி. இப்போதே யுபிஐ ஆப்பில் உங்கள் பெயர்ப் பக்கத்துக்குப் போய் Autopay அல்லது Mandates என்று இருக்கும் இடத்தைத் திறங்கள். தெரியாத பெயரில் ஏதாவது நின்றால் அதைத் தொட்டு ரத்து செய்யுங்கள். ரத்து செய்யவும் பின் கேட்கும், அங்கே போடலாம். ஒன்றுக்கு மேற்பட்ட யுபிஐ ஆப் இருந்தால் எல்லாவற்றிலும் பாருங்கள்.

அந்த லிங்க் ஏதாவது ஆப் இறக்கச் சொன்னதா? திரையைப் பகிரும் ஆப்பாக இருந்தால் நெட்டை அணைத்துவிட்டு முதலில் அதை நீக்குங்கள். அப்புறம் வேறு போனிலிருந்து வங்கிக்குப் பேசுங்கள்.

தென்றல்77
ஆப் எதுவும் இறக்கவில்லை. ஆட்டோபேயில் பார்த்தேன், ஏதோ என்டர்பிரைசஸ் பெயரில் 4,999 ரூபாய்க்கு ஒன்று Active என்று நிற்கிறது! ரத்து செய்துவிட்டேன். ரொம்ப நன்றி.

கணக்குப்பிள்ளை
ரத்து ஆன திரையைப் படம் எடுத்து வையுங்கள். வங்கிக்கும் ஒரு வரி புகார் எழுதிப் போட்டுவிடுங்கள்.

கயல்_சேலம்
இப்போது அந்த ஆள் கோபமாகப் பேசுகிறார். ‘அஞ்சு ரூபாய் போட்டேன், என்னையே சந்தேகப்படுறீங்களா’ என்கிறார். சரி, ஒரு சந்தேகம். வேறு ஒருவருக்கு இதே மாதிரி நடந்தபோது, 5 ரூபாய் க்யூஆரை ஸ்கேன் செய்ததும் கணக்கில் 10 ரூபாய் வந்ததாகச் சொன்னார்கள். அப்படியென்றால் ஸ்கேன் செய்தும் பணம் வருகிறதே?

கணக்குப்பிள்ளை
நல்ல கேள்வி, படித்தவர்களையும் விழவைப்பது இந்த இடம்தான். அங்கே நடப்பது ஒரே பரிவர்த்தனை இல்லை, இரண்டு. நீங்கள் ஸ்கேன் செய்து பின் போட்டதும் உங்கள் 5 ரூபாய் அவனுக்குப் போகிறது. அதே நொடியில் அவன் வேறு போனிலிருந்து உங்கள் நம்பருக்கு 10 ரூபாய் அனுப்புகிறான். உங்கள் கண்ணில் படுவது ‘10 ரூபாய் வந்தது’ என்ற செய்தி. ஸ்கேன் செய்தால் வரும் என்று மனசு முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. அவனுக்குச் செலவு அஞ்சு ரூபாய். அடுத்து 9,500-க்கு க்யூஆர் வரும்போது அந்த இரண்டாவது பரிவர்த்தனை மட்டும் நடக்காது.

வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் ஒரு வரி கழித்தல், ஒரு வரி கூட்டல், தனித்தனி எண்ணோடு பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஆனால் அவன் போனை வைக்கவே விடமாட்டான், அதைப் பார்க்க நேரமும் கொடுக்கமாட்டான். முதல் தடவை 9,500 போனதும் ‘சர்வர் கோளாறு, திருப்பி அனுப்புகிறேன், இன்னொரு தடவை ஸ்கேன் பண்ணுங்க’ என்பான். அவசரத்தில் இரண்டாவது தடவையும் பின் போட்டுவிடுவார்கள். போனதை மீட்கிற பதற்றத்தில்தான் பெரிய தொகை போகிறது.

இன்னொரு அடையாளம் சொல்கிறேன். 2025 ஜூன் 30-க்குள் எல்லா யுபிஐ ஆப்பும் பணம் போகுமுன் வங்கியில் பதிவான பெயரையே காட்டவேண்டும் என்று ஆக்கினார்கள். க்யூஆருக்குள் ‘ARMY PAYMENT’ என்று எழுதியிருந்தாலும் உங்கள் திரையில் வேறு யாரோ ஒருவரின் நிஜப் பெயர் வரும். கேட்டால் ‘அது எங்கள் கேஷியர் பெயர்’ என்பான். அந்தக் கேஷியர் யாரோ கமிஷனுக்குக் கணக்கை வாடகைக்கு விட்ட ஆள்.

வள்ளி_பழையமரச்சாமான்
கயல், கைக்கு வந்த மாதிரி நாலு விஷயம் சொல்றேன். நேர்ல வந்து சாமானை ஓடவிட்டுப் பார்க்கிறவருக்கு மட்டும் விலை பேசுங்க. முன்பணம் கேக்காதீங்க, குடுத்தாலும் வாங்காதீங்க. முன்பணம்னு ஒண்ணு இருந்தாத்தான் ரிக்வெஸ்ட், க்யூஆர், லிங்க்னு எல்லாம் உள்ளே வரும். ஆள் வந்து பார்த்துப் பிடிச்சதும் உங்க போன்ல உங்க க்யூஆரைத் திறந்து நீட்டுங்க, அவர் ஸ்கேன் பண்ணட்டும். வண்டியில ஏத்துறது கடைசி வேலை.

அவர் போன்ல பச்சை டிக் வந்ததைக் காட்டுவார், அதைப் பார்க்காதீங்க. டிக்கு போடுற போலி ஆப்பே இருக்கு. உங்க பேங்க் ஆப்புல கணக்கு விவரத்தைத் திறந்து வரவு விழுந்திருக்கான்னு பாருங்க.

ரமேஷ்_2.0
எஸ்எம்எஸ் வந்தா போதாதா? பேங்க்கே அனுப்புதே.

கணக்குப்பிள்ளை
எஸ்எம்எஸ் போதாது. வங்கிச் செய்தி எழுத்துகளால் ஆன பெயரிலிருந்து வரும். பத்து இலக்க மொபைல் நம்பரிலிருந்து ‘உங்கள் கணக்கில் 95,000 வரவு’ என்று வந்தால் அது அந்த ஆள் தானே தட்டி அனுப்பியது. பதற்றத்தில் அனுப்பியவர் எண்ணை யார் பார்க்கிறார்கள்? உடனே போன் வரும்: ‘ஐயோ, ஒரு பூஜ்யம் கூடுதலாகப் போட்டுவிட்டேன், என் சம்பளப் பணம், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்க.’ திருப்பி அனுப்புவது உங்கள் சொந்தப் பணம், ஏனென்றால் 95,000 வரவே இல்லை.

நிஜமாகவே கூடுதலாக வந்திருந்தாலும் நீங்களாக அனுப்பவேண்டாம். அவருடைய வங்கியில் புகார் கொடுக்கச் சொல்லுங்கள், அங்கிருந்து உங்கள் வங்கிக்கு முறையாக வரட்டும். தப்பாகப் போட்டவருக்கு அதுவே சரியான வழி. மோசடிக்காரனுக்கு அது ஆகாத வழி.

ஸ்கிரீன்ஷாட் காட்டினால், அந்தப் பரிவர்த்தனையை அடையாளம் காட்டும் 12 இலக்க யுடிஆர் எண்ணைக் கேட்டு உங்கள் ஸ்டேட்மென்ட்டில் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் பணம் இல்லை. ‘சர்வர் ஸ்லோ, அரைமணியில் ஏறும்’ என்றால், ஏறிய பிறகு மெஷின் ஏறட்டும்.

பைக்_பாண்டி
ஒருவேளை ஏமாந்துட்டா என்ன பண்றது? பேங்க் திருப்பித் தருமா?

கணக்குப்பிள்ளை
முதல் போன் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு. அதற்கு முன்னால் மோசடிக்காரனோடு சண்டை போட்டு நேரத்தை விடாதீர்கள். கையில் தயாராக வைத்திருக்க வேண்டியது: உங்கள் வங்கிப் பெயர், கணக்கு எண், யுடிஆர், தொகை, போன நேரம், போய்ச் சேர்ந்த யுபிஐ ஐடி. அவர்கள் இதைப் பதிவு செய்ததும், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போகிறது. அந்தக் கணக்கில் பணம் இன்னும் இருந்தால் அதை எடுக்கமுடியாமல் நிறுத்திவைப்பார்கள். அடுத்த வங்கிக்குத் தாவியிருந்தால் அங்கே தேடுவார்கள். மோசடிப் பணம் ஒரே கணக்கில் தூங்குவதில்லை. சில நிமிஷத்தில் இரண்டு மூன்று கணக்குக்குப் பிரிந்து ஏடிஎம்மில் நோட்டாகிவிடும். நோட்டானதை யாராலும் நிறுத்த முடியாது. அதனால்தான் முதல் ஒரு மணி நேரத்தை இவ்வளவு சொல்கிறார்கள்.

போன் செய்தபின் ஒப்புகை எண் வரும். அதை வைத்து 24 மணி நேரத்துக்குள் cybercrime.gov.in-இல் முழுப் புகாரைப் பதிவு செய்துவிடுங்கள். நடுவில் வங்கிக்கும் எழுத்தில் சொல்லி ஒரு எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

வங்கி கொடுக்குமா என்றால், பின் நீங்களே போட்டது என்பதால் பெரும்பாலும் ‘நீங்கள் அனுமதித்த பரிவர்த்தனை’ என்றுதான் பதில் வரும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலைச் சுற்றறிக்கையில் வகுத்த விதிப்படி வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போனது, புகார் சொல்லும்வரை வாடிக்கையாளர் தலையில். சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு. இரண்டாவது வரிக்காகவாவது சீக்கிரம் சொல்லவேண்டும்.

கொங்குக்காரன்
நஷ்டமாகலைன்னாலும் அந்த நம்பரைச் சும்மா விடவேண்டாங்க. தொலைத்தொடர்புத் துறையோட சஞ்சார் சாத்தி தளத்துல ‘சக்ஷு’ன்னு ஒரு இடம் இருக்கு. சந்தேகப்படுற அழைப்பு, செய்தி எல்லாம் அங்கே தட்டிவிடலாம். பணம் போனதுக்கு மட்டும் 1930.

கயல்_சேலம்
அந்த ஆளைத் தடுத்துவிட்டேன். தளத்திலும் புகார் கொடுத்துவிட்டேன். இதை எழுதும்போதே இன்னொருவர் கூப்பிட்டார், இவர் உள்ளூர். டிரம்மில் துரு இருக்கிறதா, டிரெயின் பைப் சரியாக இருக்கிறதா என்றெல்லாம் கேட்டு 7,500-க்கு வருமா என்கிறார். நாளை மாலை நேரில் வருகிறார். ஆனால் பணம் அவர் நண்பர் கணக்கிலிருந்து போடுவாராம். அதில் ஏதும் இருக்கிறதா?

வள்ளி_பழையமரச்சாமான்
துரு கேட்டாரா? அப்போ நிஜ ஆள்தான். 8,500-லயே நில்லுங்க, இறங்காதீங்க.

கணக்குப்பிள்ளை
நிஜ ஆளாக இருக்கலாம். ஆனால் மூன்றாவது ஆள் பணத்தில் ஒரு சிக்கல் உண்டு. மோசடிக்காரன் உங்கள் மெஷினின் படத்தையே எடுத்து வேறு ஊரில் தன் விளம்பரமாகப் போடுவான். அங்கே ஏமாறுகிறவரிடம் உங்கள் க்யூஆரைக் கொடுத்து உங்களுக்கே பணம் கட்டவைப்பான். மெஷினை ஆள் வைத்து எடுத்துப்போவான். பணம் உங்கள் கணக்கில் நிஜமாகவே வந்திருக்கும், நீங்கள் பார்த்த எல்லாச் சோதனையும் சரியாக இருக்கும். அந்த ஏமாந்தவர் 1930-க்குப் போன் செய்ததும் முடங்குவது உங்கள் கணக்கு.

அதனால் எதிரில் நிற்கிறவர் பெயரும் பணம் வந்த கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும். முடியாதென்றால் அவர் ஏடிஎம்மில் எடுத்து ரொக்கமாகக் கொடுக்கட்டும். வந்தவரோடு போட்ட சாட்டை அழிக்காதீர்கள். ‘இன்ன மெஷின், இன்ன தொகை, இன்னாரிடம்’ என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

ரமேஷ்_2.0
அதெப்படி சார், நேர்மையா வித்தவன் கணக்கை முடக்குவாங்களா? தாள் இருந்தா உடனே திறந்துடுவாங்கல்ல?

கணக்குப்பிள்ளை
உடனே என்று சொல்லமாட்டேன். சில இடத்தில் சர்ச்சையான தொகையை மட்டும் நிறுத்துகிறார்கள், சில இடத்தில் முழுக்கணக்கும் நிற்கிறது. புகார் பதிவான மாநிலத்துப் போலீசிடம் விளக்கம் கொடுக்கவேண்டி வரலாம். தாள் இருந்தால் பேச ஏதாவது இருக்கும், அவ்வளவுதான்.

வள்ளி_பழையமரச்சாமான்
இதுக்குத்தான் நான் எப்பவும் ரொக்கம்னு சொல்றது.

கொங்குக்காரன்
ரொக்கத்துல கள்ளநோட்டு வந்தா அக்கா? 8,500-க்கு பதினேழு ஐநூறு. வாசல்ல நின்னு ஒவ்வொண்ணாத் தூக்கிப் பிடிச்சுப் பார்ப்பீங்களா?

வள்ளி_பழையமரச்சாமான்
பார்ப்பேன். பதினேழு நோட்டுத்தானே.

கணக்குப்பிள்ளை
என் ஓட்டு இன்னும் யுபிஐக்குத்தான், பெயர் பொருந்தினால். ஒரு கூடுதல் யோசனை: சம்பளக் கணக்கை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். கொஞ்சம் பணம் மட்டும் இருக்கும் இன்னொரு கணக்கின் க்யூஆரைக் காட்டுங்கள். முடங்கினாலும் வீட்டுச் செலவு நிற்காது.

கயல்_சேலம்
நாளை வருபவரிடம் சொல்லிவிட்டேன்: சொந்தக் கணக்கு, இல்லையென்றால் ரொக்கம். ‘சரிங்க, எடுத்துட்டு வரேன், ஆனா 8,000 தான்’ என்கிறார். தபால் துறையின் பேமென்ட்ஸ் பேங்க் கணக்கு ஒன்று சும்மா கிடக்கிறது, அதில் யுபிஐ சேர்த்து அந்த க்யூஆரைக் காட்டலாமா? இல்லை, புதிதாகச் சேர்த்ததும் ஏதாவது வரம்பு வருமா?

கணக்குப்பிள்ளை
புதிதாகச் சேர்த்தவருக்கு முதல் 24 மணி நேரத்தில் வழக்கமாக 5,000 ரூபாய்க்குமேல் அனுப்ப முடியாது. அது நீங்கள் அனுப்புவதற்கான வரம்பு, உங்களுக்குத் தேவை வரவு மட்டும்தான். இருந்தாலும் இன்றிரவே சேர்த்துவிட்டு, வீட்டில் ஒருவர் போனிலிருந்து ஒரு ரூபாய் போட்டு அந்தக் கணக்கில் விழுகிறதா என்று பாருங்கள். வாசலில் ஆள் நிற்கும்போது சோதிக்கவேண்டாம்.